வெளியூர்ச் சொந்தத்துக்குக் கேக், பூ ஆர்டர்: நேரத்தையும் மாற்றுப் பொருளையும் முதலில் பேசிக்கொள்வோம்



காமயகவுண்டன்பட்டிப் பக்கம் நம் உறுப்பினர் ஒருவருக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். அவருடைய மகளைக் கோயம்புத்தூர் பீளமேட்டில் கட்டிக் கொடுத்திருக்கிறார். பேரனுக்கு முதல் பிறந்த நாள், 15-ஆம் தேதி. அந்த வாரம் பார்த்துத் தோட்டத்தில் திராட்சை வெட்டு. வியாபாரி நாள் குறித்துவிட்டார், விட்டுவிட்டுப் போக முடியாது. "அம்மாச்சி வரலேன்னாலும் அம்மாச்சி கேக்காவது போகட்டும்" என்று மகனிடம் சொல்லி, செல்போன் ஆப்பில் அரைக் கிலோ பைனாப்பிள் கேக் ஆர்டர் போட்டார். சம்பந்தி வீட்டில் முட்டை சேர்க்க மாட்டார்கள். அதனால் Eggless என்று எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் மகன் எடுத்தான். கேக் 649 ரூபாய். நடுராத்திரி டெலிவரிக்குத் தனியாக 200 ரூபாய். மொத்தம் 849 ரூபாய் கட்டியாச்சு.

14-ஆம் தேதி ராத்திரி 12 மணி வரை மகளும் மருமகனும் முழித்துக்கொண்டு இருந்தார்கள். கேக் வரவில்லை. மறுநாள் பகலெல்லாம் வரவில்லை. சாயங்காலம் பக்கத்துக் கடையில் வேறு கேக் வாங்கி வெட்டிவிட்டார்கள். பிள்ளை தூங்கி, வீடே தூங்கிய பிறகு, 15-ஆம் தேதி ராத்திரி 11.40-க்குக் கதவைத் தட்டி கேக்கைக் கொடுத்தார்கள். பெட்டியைத் திறந்தால் பைனாப்பிள் இல்லை, சாக்லேட். எக்லெஸ் என்று எங்கேயும் எழுதவும் இல்லை. பெட்டியில் இருந்த கடை நம்பரில் கேட்டபோது, முட்டை போட்ட கேக் என்றார்கள். சம்பந்தி அம்மா வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நம் உறுப்பினருக்கு அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை.

இதில் இரண்டு தப்பு இருக்கிறது. ஒன்று நேரம், இன்னொன்று மாற்றுப் பொருள். முதல் தப்பு நம்முடையது, இரண்டாவது தப்பு அவர்களுடையது. இந்த இரண்டையும் எப்படித் தவிர்ப்பது என்று பார்ப்போம்.

கேக் போவதில்லை, ஆர்டர்தான் போகிறது

முதலில் ஒரு விசயம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. நாம் ஆப்பில் பார்க்கிற படத்தில் இருக்கும் கேக் எங்கேயோ தயாராகி லாரி ஏறி வருவது இல்லை. நம் ஆர்டர் மட்டும்தான் போகிறது. கோயம்புத்தூருக்கு என்றால் கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு பேக்கரிக்கு அந்த ஆர்டர் போகும். அந்தக் கடைக்காரர் தன்னிடம் இருக்கும் கேக்கில் கிரீம் பூசி, பெயர் எழுதி, பைக்கில் கொடுத்து அனுப்புவார். பூவும் அப்படித்தான்.

இது புது ஏற்பாடு இல்லை. அமெரிக்காவில் 1910-லேயே 15 பூக்கடைக்காரர்கள் சேர்ந்து, தந்தி மூலம் ஒருவர் ஆர்டரை இன்னொருவர் முடித்துக் கொடுப்பது என்று ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். இந்த ஊரில் பணம் கட்டினால் அந்த ஊர்க் கடைக்காரர் பூவைக் கொண்டுபோய்க் கொடுப்பார். தந்தி போய் போன் வந்தது, போன் போய் ஆப் வந்தது. முறை மாறவில்லை.

இதனால் நமக்கு என்ன? படம் ஒரு கடையினுடையது, செய்பவர் வேறு ஒருவர். படத்தில் இருக்கும் பூவோ பழமோ அந்த ஊர்க் கடையில் அன்றைக்கு இல்லாமல் இருக்கலாம். ஆப் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத்தான் கடைக்குக் கொடுக்கும். அதனால் கடைக்காரர் கையில் இருப்பதை வைத்துச் சமாளிக்கப் பார்ப்பார். மாற்றுப் பொருள் என்ற பேச்சே இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஆப்பில் ஊர்ப் பெயரைவிட பின்கோடுதான் முக்கியம் என்பதும் இதனால்தான். பீளமேடு என்றால் 641004. அந்த ஆறு எண்ணைப் போட்டால் அந்தப் பகுதியில் செய்து கொடுக்க ஆள் இருக்கிற கேக் மட்டும் காட்டும். காந்தி நகர், அண்ணா நகர் என்ற பெயரில் ஊருக்கு ஊர் தெரு இருக்கிறது. பின்கோடு தப்பினால் எல்லாம் தப்பும்.

இன்னொரு சங்கதி. சில பொருளில் Courier என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். அது உள்ளூர்க் கடையில் செய்து தருவது இல்லை. எங்கிருந்தோ பார்சலில் வருவது. பிளம் கேக், உலர் பழம், தொட்டிச் செடி எல்லாம் அப்படி வந்தால் பரவாயில்லை. கிரீம் கேக் அப்படி வராது. எழுத்தைக் கவனிக்காவிட்டாலும் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நேரம் தேர்ந்தெடுக்கச் சொல்லாமல், "மூன்று நாளில், ஐந்து நாளில்" என்று தேதி மட்டும் காட்டினால் அது கூரியர்.

நேரம் என்பது ஒரு மணி இல்லை, ஒரு இடைவெளி

ஆப்பில் நேரத்தை மூன்று விதமாகக் காட்டுவார்கள். முதலாவது சாதாரண டெலிவரி. அதில் மூன்று, நான்கு மணி நேர இடைவெளி இருக்கும். சிலதில் நாள் முழுக்க எப்போது வேண்டுமானாலும் வரும். இரண்டாவது குறித்த நேர டெலிவரி. ஒன்று அல்லது இரண்டு மணி நேர இடைவெளி இருக்கும், அதற்குத் தனிக் கட்டணம். மூன்றாவது நடுராத்திரி டெலிவரி, அதற்கும் தனிக் கட்டணம்.

நம் உறுப்பினர் வீட்டில் தடுக்கி விழுந்தது மூன்றாவதில்தான். Midnight என்று போட்டிருந்தாலும் பல ஆப்களில் அதன் நேரம் ராத்திரி 11 முதல் 11.59 வரை. அதாவது நாம் எந்தத் தேதியைத் தொடுகிறோமோ அந்தத் தேதி முடியப் போகும் ராத்திரி. பேரன் பிறந்த நாள் 15 என்பதால் மகன் 15-ஐத் தொட்டான். கேக் 15-ஆம் தேதி முடிகிற நேரத்துக்கு வந்தது. பிறந்த நாள் பிறக்கிற நேரத்தில் கேக் வீட்டில் இருக்க வேண்டுமென்றால் 14-ஐத் தொட்டிருக்க வேண்டும். ஆப்புக்கு ஆப் இது மாறலாம். அதனால் பெயரைப் பார்க்காமல், பக்கத்தில் எழுதியிருக்கும் மணியைப் பாருங்கள். மணி 11-ல் ஆரம்பித்தால் முதல் நாள் தேதியைப் போடணும்.

எங்களைக் கேட்டால் நடுராத்திரி டெலிவரியே வேண்டாம் என்போம். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் யார் முழித்திருப்பது? கடையும் அந்த நேரத்தில் பாதி மூடியிருக்கும். கேட்ட வகை இல்லையென்றால் இருப்பதைக் கொடுக்கத் தோன்றும். பைனாப்பிள் சாக்லேட்டாக மாறியது அப்படித்தான்.

சாதாரண நேரத்திலும் ஒரு கணக்கு உண்டு. சாயங்காலம் 5 முதல் 7 வரை என்று இருந்தால் நாம் மனசில் 5 என்று எடுத்துக்கொள்வோம். கடைக்காரர் 7 என்று எடுத்துக்கொள்வார். 6.55-க்கு வந்தாலும் அவர் சரியாகத்தான் வந்திருக்கிறார், நாம் சண்டை போட முடியாது. அதனால் எப்போதும் கடைசி நிமிசத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். 6 மணிக்குக் கேக் வெட்டுவது என்றால் 5 மணிக்கு முடிகிற இடைவெளியை எடுங்கள். மிச்சம் ஒரு மணி நேரம் போக்குவரத்துக்கும் வழி தேடுவதற்கும்.

காலை 9 மணிக்கு முன்னால் வேண்டும் என்றால் அந்தக் கேக் பெரும்பாலும் முதல் நாள் ராத்திரி செய்து பிரிட்ஜில் வைத்ததாக இருக்கும். அதில் கெடுதல் இல்லை, புதுசு என்று எதிர்பார்க்காதீர்கள், அவ்வளவுதான். சித்திரை, வைகாசி வெயிலில் பகல் 12 முதல் 3 வரை வேண்டவே வேண்டாம். பைக்கில் அரை மணி நேரம் போனாலே கிரீம் இளகி, பூ வேலைப்பாடெல்லாம் ஒரு பக்கமாக வழிந்துவிடும். போட்டோ ஒட்டிய கேக், இரண்டு அடுக்கு கேக் எல்லாம் அன்றைக்கே கேட்டால் கிடைக்காது. ஒரு நாள், இரண்டு நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 14, புத்தாண்டு மாதிரி நாட்களில் குறித்த நேரம் கொடுக்க மாட்டார்கள், கொடுத்தாலும் தவறும். அந்த நாட்களில் முதல் நாளே வரும்படி போட்டுவிடுவது நல்லது.

மாற்றுப் பொருள்: எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது

பணம் கட்டுவதற்கு முன் ஒரு சின்னக் கட்டத்தை டிக் செய்யச் சொல்வார்கள். "நிபந்தனைகளை ஏற்கிறேன்" என்று இருக்கும். அதற்குள், குறிப்பிட்ட பொருள் கிடைக்காவிட்டால் அதே மதிப்புள்ள வேறு பொருள் கொடுக்கப்படும் என்று பெரும்பாலும் ஒரு வரி இருக்கும். நாம் படிக்காமல் டிக் செய்கிறோம். பிறகு, "ரோஜா கேட்டேன், வேற பூ வந்திருச்சே" என்றால் அந்த வரியைக் காட்டுவார்கள்.

அதனால் ஆர்டர் போடுவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து மூன்று பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, கேட்காமலே மாற்றிக்கொள்ளலாம் என்பவை. ரிப்பன் நிறம், பூ சொருகும் கூடை, கேக் மேல் வைக்கும் செர்ரிப் பழம் மாதிரி. இதில் நாம் பிடிவாதம் பிடிக்க வேண்டியது இல்லை.

இரண்டு, கேட்டுவிட்டு மாற்றலாம் என்பவை. பைனாப்பிளுக்குப் பதில் வெனிலா, சிவப்பு ரோஜாவுக்குப் பதில் மஞ்சள் ரோஜா மாதிரி. இதற்கு, "கிடைக்கலேன்னா எனக்கு ஒரு போன் போடுங்க" என்று சொல்லி வைக்க வேண்டும்.

மூன்று, எது வந்தாலும் மாற்றக் கூடாது என்பவை. முட்டை இல்லாதது, எடை, தேதி, பெயர். நிலக்கடலை, முந்திரி ஒத்துக்கொள்ளாதவர் வீட்டில் இருந்தால் அதுவும் இதில் சேரும். கார்த்திகையில் மாலை போட்டவர் இருக்கும் வீட்டுக்கும் இதே கவனம் வேண்டும். "முட்டை இல்லாத கேக் கிடைக்கலேன்னா கேக்கே வேண்டாம், பணத்தைத் திருப்புங்க" என்று இதற்கு மட்டும் கறாராகச் சொல்லிவிட வேண்டும்.

எங்கே சொல்வது? ஆப்பில் செய்தி எழுத ஒரு கட்டம் இருக்கும். அது பெரும்பாலும் வாழ்த்து அட்டையில் எழுதுவதற்கு. அதில், "முட்டை வேண்டாம்" என்று எழுதினால் அட்டையில் அச்சடித்து வந்தாலும் வந்துவிடும். ஆர்டர் போட்ட உடனே, அந்த ஆப்புக்குள்ளேயே இருக்கும் உதவிப் பகுதியில் எழுத்தாகக் கேளுங்கள். "என் ஆர்டரில் முட்டை சேர்க்காத கேக்தானே வரும்? வகை மாறினால் எனக்குச் சொல்வீர்களா?" என்று எழுதி, பதில் வந்ததும் திரையைப் படம் எடுத்து வையுங்கள். போனில் வாயால் சொன்னதற்குச் சாட்சி கிடையாது.

முட்டை இல்லாததா என்று பெட்டி வந்ததும் எப்படிப் பார்ப்பது? சைவப் பொருள் என்றால் பச்சைக் கட்டத்துக்குள் பச்சை வட்டம் இருக்கும். முட்டை சேர்ந்தது நம் நாட்டு விதிப்படி அசைவக் கணக்கு. அதற்குப் பழுப்புக் கட்டத்துக்குள் பழுப்பு முக்கோணம். ஆனால் பேக்கரிப் பெட்டியில் பல சமயம் இரண்டுமே இருக்காது. அப்போது நிறத்தையும் ருசியையும் வைத்து முடிவு கட்டாமல், வெட்டுவதற்கு முன் பில்லில் இருக்கும் கடை நம்பருக்குப் போன் போட்டுக் கேட்பதுதான் வழி.

பூவில் மாற்று வருவது ஏன்?

பூ விசயம் நமக்குச் சொல்லித் தர வேண்டியது இல்லை. சீலையம்பட்டி பூ மார்க்கெட்டுக்கும் ஆண்டிபட்டி மார்க்கெட்டுக்கும் பூப் போடுகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். முகூர்த்த நாளில் ஒரு விலை, மறுநாள் ஒரு விலை. ஓணம் வந்தால் குமுளி வழியாகக் கேரளாவுக்குப் பூ ஏறும், விலையும் ஏறும். மார்கழிப் பனியில் மல்லி மொக்கு குறைந்து விலை எங்கேயோ போய் நிற்கும்.

ஆனால் ஆப்பில் பூங்கொத்து விலை அப்படித் தினமும் ஏறி இறங்குவது இல்லை. இங்கேதான் சிக்கல். முகூர்த்த நாளில் ரோஜா விலை இரண்டு மடங்கு ஆனாலும், கடைக்காரருக்கு வரும் பணம் அதேதான். அவர் என்ன செய்வார்? பன்னிரண்டு ரோஜாவில் நாலைக் குறைத்து, அந்த இடத்தில் ஜெர்பராவோ வெள்ளைச் செவ்வந்தியோ வைப்பார். இலையை அதிகம் சொருகிக் கொத்தைப் பெரிதாகக் காட்டுவார். அதனால் முகூர்த்த நாளில் பூங்கொத்து அனுப்புவதாக இருந்தால், எந்தப் பூ என்பதோடு எத்தனை பூ என்பதையும் கேட்டு வையுங்கள். லில்லி, கார்னேஷன் மாதிரிப் பூக்கள் சின்ன ஊர்களில் தினமும் கிடைக்காது. ரோஜாவும் ஜெர்பராவும் பெரும்பாலும் கிடைக்கும். கிடைப்பதைக் கேட்டால் மாற்றே வராது.

மல்லிச் சரமோ மாலையோ அனுப்புவது என்றால் ஆப் சரிப்படாது. அந்த ஊர்ப் பூக்கடையில் நேராகப் பேசுவதுதான் நல்லது. மதுரையில் சொந்தக்காரர் வீட்டு வளைகாப்புக்குப் பூ என்றால் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கடையைப் பிடிக்கலாம். அப்போதும் மாற்றைப் பேசிவிட வேண்டும். "மல்லி இல்லேன்னா பிச்சி வைக்கிறீங்களா, முல்லை வைக்கிறீங்களா? காக்கட்டானைக் கலக்கக் கூடாது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். முழத்தில் பேசினால் கட்டுபவர் கை நீளத்துக்கு அளவு மாறும், கட்டு நெருக்கமாகவும் இருக்கும், கலக்கமாகவும் இருக்கும். எடை போட்டுக் கட்டச் சொன்னால் தகராறு இல்லை. வந்து சேரும் நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். சாயங்கால விசேசத்துக்கு மொக்காகக் கட்டி மத்தியானம் வந்தால் போதும், விசேசம் ஆரம்பிக்கும்போது விரியும்.

ஆஸ்பத்திரியில் இருப்பவருக்குப் பூ அனுப்புவதற்கு முன் அங்கே இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் பூவை அனுமதிப்பது இல்லை. வாசலிலேயே கிடந்து வாடும்.

வாங்குகிறவர் போன் நம்பர்

"மகளுக்குத் தெரியக் கூடாது, ஆச்சரியமா இருக்கணும்" என்று பலர் வாங்குகிறவர் நம்பர் கேட்கும் இடத்தில் தன் நம்பரையே போட்டுவிடுகிறார்கள். பைக்கில் வரும் தம்பி பீளமேட்டில் தெரு தெரியாமல் நின்று நமக்குப் போன் போடுவார். நாமோ கம்பத்தில் தோட்டத்துக்குள் இருப்போம், சிக்னல் இருக்காது. இரண்டு தடவை போட்டுப் பார்ப்பார். பிறகு, "ஆள் இல்லை" என்று குறித்துக்கொண்டு போய்விடுவார். அப்படிக் குறித்துவிட்டால் பணம் பெரும்பாலும் திரும்பாது.

ஆச்சரியமும் வேண்டும், கேக்கும் போய்ச் சேர வேண்டும் என்றால் அந்த வீட்டிலேயே வேறு ஒருவர் நம்பரைக் கொடுங்கள். மாப்பிள்ளையோ சம்பந்தியோ பக்கத்து வீட்டு அக்காவோ யாராவது ஒருவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளைக்கு என்றால் வாசலில் யார் வாங்குவார், எத்தனை மணி வரை வாங்குவார் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தடவை அவர் செய்தது

அடுத்த வருசம் பேரனின் இரண்டாவது பிறந்த நாளுக்கு அதே உறுப்பினர் வேறு வழியில் போனார். மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, "உங்க வீட்டுப் பக்கத்துல நீங்க வாங்குற பேக்கரி எது மாப்ளே?" என்று கேட்டு, கடை பில்லில் இருந்த நம்பரை வாங்கிக்கொண்டார். இரண்டு நாள் முன்னதாக அவரே கடைக்குப் பேசினார். பேச்சு இப்படி இருந்தது.

"தம்பி, வர்ற பதினஞ்சாம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்குக் கேக் வெட்டுறோம். ஒரு கிலோ பைனாப்பிள், முட்டை சேர்க்காதது. அஞ்சு மணிக்குள்ள வீட்டுல இருக்கணும். கொண்டாந்து குடுப்பீங்களா?"

"குடுப்போங்க அம்மா. கேக் எண்ணூறு ரூபா, பைக்குக்கு எண்பது."

"பைனாப்பிள் இல்லேன்னா வெனிலா போதும். அதுவும் முட்டை இல்லாம இருக்கணும். அதுவும் இல்லேன்னா எனக்குப் போன் போடுங்க, நீங்களா எதையும் மாத்திராதீங்க. நான் சொன்னதை அப்படியே வாட்ஸ்அப்புல அனுப்புறேன், சரின்னு ஒரு வார்த்தை போட்ருங்க."

மகன் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். பேரன் பெயரையும் கேக்கில் எழுத வேண்டிய எழுத்திலேயே தனியாக அடித்து அனுப்பினான். வாயால் சொன்னால் எழுத்து மாறிவிடும். கடையிலிருந்து, "சரி" என்று பதில் வந்தது. 400 ரூபாய் முன்பணம் கட்டினார்கள். கட்டும்போது போன் திரையில் வந்த பெயரும் கடைப் பெயரும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டுத்தான் ரகசிய எண்ணைப் போட்டார்கள். மீதி 480 ரூபாய், கேக்கின் போட்டோ வந்த பிறகு.

கேக் 4.35-க்குப் போய்விட்டது. மகள் பெட்டியோடு பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தாள், மேலே ஐஸ் உறையும் இடத்தில் வைக்கவில்லை. வெட்டுவதற்குக் கால் மணி நேரம் முன்னால் வெளியே எடுத்தாள். 880 ரூபாய் ஆனது. முதல் வருசத்தைவிட 31 ரூபாய்தான் கூட, ஆனால் கேக் ஒரு கிலோ. பத்துப் பன்னிரண்டு பேர் சாப்பிட்டார்கள்.

எல்லா ஊரிலும் இப்படி நேராகப் பேச முடியாது. தெரிந்த கடை இருந்தால் நேராகப் பேசுங்கள். டெல்லி, மும்பை என்று பாஷை தெரியாத ஊருக்கு ஆப்தான் வசதி.

தப்பாக வந்துவிட்டால்

முதல் வருசத்துக் கேக் விசயம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். வந்த ராத்திரியே மாப்பிள்ளை பெட்டி, பில், கேக் மூன்றையும் படம் எடுத்துவிட்டார். வெட்டவில்லை. மகன் அந்தப் படங்களை ஆப்பில் போட்டு, "கேட்டது முட்டை சேர்க்காதது, வந்தது முட்டை சேர்த்தது" என்று ஒரே வரியில் எழுதினான். ஆர்டர் பக்கத்தில் Eggless என்று இருந்ததையும் படம் எடுத்து வைத்தான். பணம் திரும்பி வந்தது. அவன், "லேட்டா வந்துச்சு" என்று மட்டும் எழுதியிருந்தால் ஒரு ரூபாய்கூட வந்திருக்காது. தேதி நாம் தொட்டதுதானே.

இதில் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2020-இல் வந்த மின் வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இல்லையென்றாலும், பழுதாக இருந்தாலும், சொன்ன நேரத்துக்குப் பிந்தி வந்தாலும் விற்றவர் பணத்தைத் திருப்ப மறுக்கக் கூடாது. வெள்ளம் மாதிரி அவர் கையை மீறிய காரணத்தால் பிந்தினால் மட்டும் விலக்கு. புகாரைப் பெற்றதாக 48 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். செய்யாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம்.

இன்னொன்று, பணம் திரும்பக் கேட்கும் நேரத்தில்தான் மோசடிக்காரர்களும் நுழைகிறார்கள். கஸ்டமர் கேர் நம்பரைக் கூகுளில் தேடாதீர்கள், ஆப்புக்குள் இருப்பதை மட்டும் எடுங்கள். "பணம் அனுப்புறோம், ரகசிய எண்ணைப் போடுங்க" என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். ரகசிய எண் போட்டால் நம் பணம் வெளியே போகும், உள்ளே வராது. அப்படிப் போய்விட்டால் உடனே 1930-க்குப் போன் போடுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை

1. பின்கோடு சரிதானா?
2. இடைவெளியின் கடைசி மணி, வெட்டும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் முடிகிறதா? நடுராத்திரி என்றால் எந்தத் தேதி?
3. எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று எழுத்தில் சொல்லியாச்சா, பதில் வந்தாச்சா?
4. அந்த வீட்டில் போனை எடுக்கக் கூடிய ஒருவர் நம்பர் கொடுத்தாச்சா?
5. வந்ததும் வெட்டுவதற்கு முன் படம் எடுக்கச் சொல்லியாச்சா?

இந்தப் பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த குழுக் கூட்டத்தில் செல்போன் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள். ஆர்டர் போடுவது பெரும்பாலும் அவர்கள்தான்.